பாலத்தடியில் எண்ணிய பறவைகள் விண்ணப்பத்துக்கு உதவுமா?

*வணக்கம் சேர். நான் களுவாஞ்சிகுடி. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் சிறப்புப் பட்டம் முடித்து ஒரு வருடமாகிறது. வெளிநாட்டில் கரையோர ஈரநிலப் பறவைகள் பற்றிய இரண்டு வருட ஆய்வு முதுமாணிப் படிப்புக்கு, உதவித்தொகையோடு, விண்ணப்பிக்கப் போகிறேன். என் இறுதியாண்டு ஆய்வு இறால் தீவனம் பற்றியது, முழுக்க ஆய்வுகூடத்தில் செய்தது. புள்ளிவிபரவியலில் C. ஆனால் இரண்டாம் ஆண்டிலிருந்து சனிக்கிழமை காலைகளில் பட்டிருப்புப் பாலத்தடியில் பறவை எண்ணி eBird என்ற பறவைப் பதிவு இணையத்தளத்தில் போட்டு வருகிறேன். 72 பட்டியல், 112 இனம். முகநூலில் பறவைப் படப் பக்கம் ஒன்று இருக்கிறது, நாலாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். பாடசாலைக் காலத்தில் வலைப்பந்து விளையாடினேன். இப்போது அறநெறிப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். இணையத்தில் பைதன் படித்துச் சான்றிதழும் எடுத்தேன். கனடாவில் இருக்கும் அண்ணா எல்லாவற்றையும் போடு என்கிறார். என் மேற்பார்வையாளர் பொழுதுபோக்குகளை எழுதாதே என்கிறார். கடிதம் 500 சொல்லுக்குள் இருக்க வேண்டும். முடிவுத் திகதிக்கு ஆறு கிழமை இருக்கிறது. எதை வைப்பது, எதை விடுவது?*

தங்கச்சி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பறவை எண்ணிக்கை கடிதத்துக்குள் வர வேண்டும். பைதன் அதோடு சேர்ந்து வந்தால் வரலாம், தனியாக வரக்கூடாது. மற்றவை கடிதத்தில் வேண்டாம். ஆனால் பறவை எண்ணிக்கையை எனக்கு எழுதிய அதே விதத்தில் அங்கேயும் எழுதினால், அதுவும் இடத்தை நிரப்பிய வரியாகத்தான் வாசிக்கப்படும்.

ஆய்வு மாணவர்களைத் தெரிவு செய்யும் குழுவில் இருப்பவர்கள் கடிதத்தை முதலில் எடுப்பது குறைவு. பெறுபேற்றுத் தாளைப் பார்ப்பார்கள், சுயவிபரக்கோவையைப் புரட்டுவார்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன். அதற்குள்ளேயே மனதில் சில சந்தேகங்கள் எழுந்துவிடும். கடிதத்தைக் கையில் எடுக்கும்போது அந்தச் சந்தேகங்களுக்கு இதில் பதில் இருக்கிறதா என்றுதான் தேடுகிறோம். உங்கள் கோவையைப் பார்க்கும் ஒருவருக்கு என்ன சந்தேகம் வரும்? இந்தப் பிள்ளை ஆய்வுகூடத்தில் மட்டும் வேலை செய்திருக்கிறது, விடியற்காலையில் சேற்றுக்குள் இரண்டு வருடம் தாக்குப்பிடிக்குமா? புள்ளிவிபரவியலில் C எடுத்தவருக்குக் களத்தரவைக் கையாள வருமா? இறால் தீவனம் செய்தவர் திடீரென்று பறவைக்கு வருவது ஏன், உதவித்தொகை இருக்கிறது என்பதாலா?

இந்த மூன்றில் ஒன்றுக்காவது பதில் சொல்கிற பொழுதுபோக்கு, அதுவும் கோவையில் வேறெங்கும் கிடைக்காத பதிலைச் சொல்கிற பொழுதுபோக்கு, விண்ணப்பத்துக்குப் பலம். அப்படியில்லாத எதுவும் எவ்வளவு நல்ல காரியமாக இருந்தாலும் நிரப்புத்தான். உங்கள் மேற்பார்வையாளர் பொதுவாகச் சொன்னது சரி. ஆனால் உங்கள் விடயத்தில் பறவை எண்ணிக்கையைப் பொழுதுபோக்கு என்ற பெட்டிக்குள் போட்டுவிட்டார். மூன்று சந்தேகங்களையும் ஒன்றாகத் தொடக்கூடிய ஒரே பொருள் உங்களிடம் அதுதான்.

இனி அந்த எண்ணிக்கைக்குள் போவோம்.

112 இனம் என்ற எண்ணைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் வாசிப்பவருக்கு அது பெரிதாக எதையும் சொல்லாது. நல்ல வழிகாட்டி ஒருவரோடு குமண தேசிய பூங்காவுக்கு வலசைக் காலத்தில் சில தடவை போய்வந்தால் நூறு இனத்துக்குக் கிட்ட வந்துவிடலாம். எத்தனை இனம் பார்த்தார் என்பது எங்கெங்கே போனார் என்பதைத்தான் காட்டும். 72 பட்டியல் என்பது அதைவிட நல்ல எண். ஒரே இடத்தில், சனிக்கிழமைகளில், திரும்பத் திரும்ப என்பது அதற்குள் இருக்கிறது. கள ஆய்வு என்பதே பெரும்பாலும் அந்தத் திரும்பத் திரும்பத்தான். ஆனால் அந்த 72ம் எப்படிப்பட்ட பட்டியல்கள் என்று தெரியாமல் அந்த எண்ணையும் நான் நம்ப மாட்டேன்.

நீங்கள் பட்டியலை அனுப்பும்போது கடைசியில் ஒரு கேள்வி வரும்: அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா? பலர் யோசிக்காமல் ஆம் என்று அழுத்திவிடுவார்கள். ஆய்வாளருக்கு அந்தப் பதில் உயிர். ஆம் என்றால் பட்டியலில் இல்லாத பறவையை அன்றைக்கு அங்கே நீங்கள் காணவில்லை என்று கணக்கில் எடுக்கலாம். இல்லை என்றால் அந்தப் பறவை வராமலும் இருந்திருக்கலாம், நீங்கள் காகத்தையும் மைனாவையும் எழுதச் சலித்து விட்டிருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. அதேபோல எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதும் பதியப்பட்டிருக்க வேண்டும். பத்து நிமிடம் நின்று பார்த்த பன்னிரண்டு கொக்கும் ஒரு மணித்தியாலம் நின்று பார்த்த பன்னிரண்டு கொக்கும் ஒன்றல்ல.

ஆகவே இந்தக் கிழமையே செய்ய வேண்டிய வேலை இது. eBird கணக்குக்குள் போய் உங்கள் தரவு முழுவதையும் தரவிறக்குங்கள். `MyEBirdData.csv` என்று ஒரு கோப்பு வரும். ஒரு பட்டியலில் ஒரு பறவைக்கு ஒரு வரி என்ற கணக்கில் இருக்கும். அதில் `All Obs Reported` என்ற நிரலைப் பாருங்கள், 1 என்று இருப்பவைதான் முழுப்பட்டியல்கள். `Duration (Min)` நிரலில் நேரம் இருக்கும். `Location` நிரலில் இடம் இருக்கும். பாலத்தடி அல்லாத இடங்களை நீக்குங்கள். முழுமையில்லாதவற்றை நீக்குங்கள். அவசரத்தில் அரை மணித்தியாலம்கூட நிற்காமல் போட்டவற்றையும் நீக்குங்கள்.

ஒரு பேச்சுக்கு 72 பட்டியலில் 41 மிஞ்சுகிறது என்று வைப்போம். மனம் கொஞ்சம் சோரும். ஆனால் கடிதத்தில் எழுத வேண்டியது அந்த 41தான். 72 என்று எழுதினால் அது ஒரு பொழுதுபோக்காளரின் எண். ஒரே இடத்தில், அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல், எல்லா இனமும் பதியப்பட்ட 41 காலைகள் என்று எழுதினால், தரவு என்றால் என்ன என்று தெரிந்த ஒருவர் எழுதியது என்பது ஒரே வரியில் விளங்கிவிடும். சுருக்கிச் சொன்ன எண்ணை நாங்கள் அதிகம் நம்புகிறோம்.

இனிப் பைதன். சான்றிதழ் மட்டும் இருந்தால் அது சுயவிபரக்கோவையில் ஒரு வரி, அவ்வளவுதான். இணையவழிச் சான்றிதழ் இல்லாத விண்ணப்பத்தை இப்போது காண்பதே அரிது. அது C பெறுபேற்றுக்குப் பதிலாகாது. ஆனால் இந்தக் கோப்பை நீங்களே பைதனில் சுத்தம் செய்து ஒரு வரைபு வரைந்தால் கதை மாறும்.

அதில் ஒரு இடறல் இருக்கிறது, முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கோப்பில் பூச்சியம் என்ற வரி கிடையாது. ஒரு காலையில் நெடுங்கால் உள்ளான் ஒன்றுமே இல்லாவிட்டால் அந்தக் காலைக்கு நெடுங்கால் உள்ளான் வரியே இருக்காது. அப்படியே மாதச் சராசரி எடுத்தால் பறவை இருந்த நாட்களின் சராசரி மட்டும் வரும், உண்மையைவிடக் கூடுதலாக. ஆகவே முழுப்பட்டியல்களில் அந்தப் பறவை இல்லாத இடங்களில் நீங்கள்தான் 0 சேர்க்க வேண்டும். அப்புறம், எண்ணிக்கை எடுக்காமல், பறவை இருந்தது என்று மட்டும் பதிந்த இடங்களில் எண்ணுக்குப் பதிலாக `X` இருக்கும். இலக்கமாக மாற்றும்போது அது வெற்றிடமாகி, வெற்றிடங்களுக்கு 0 போடும்போது அதுவும் பூச்சியமாகிவிடும். பறவை இருந்த நாள் பறவை இல்லாத நாளாக மாறிவிடும். 0 சேர்ப்பதற்கு முன்பே `X` உள்ள பட்டியல்களை அந்த இனத்துக்கான கணக்கிலிருந்து விலக்குங்கள். பிறகு ஒவ்வொரு மாதத்துக்கும் இடையத்தை எடுங்கள். ஒரு நாள் மட்டும் பெரிய கூட்டம் ஒன்று வந்து இறங்கினால் சராசரி தூக்கிக்கொண்டு போய்விடும், இடையம் அவ்வளவு அசையாது.

இவ்வளவும் செய்த ஒருவர் "எண்ணிக்கையில் பூச்சியங்களை எப்படிக் கையாண்டேன்" என்று ஒரே ஒரு வசனம் எழுதினால், C பற்றிய சந்தேகம் பெரும்பகுதி கரைந்துவிடும். C ஐப் பற்றிக் கடிதத்தில் மன்னிப்புக் கேட்கவே தேவையில்லை.

வரைபு வந்த பிறகுதான் அடுத்த ஆபத்து. அதை வைத்து என்ன சொல்லலாம் என்ற ஆசை வரும். பெரும்பாலும் அது இப்படித்தான் இருக்கும்: மழைக்காலத்தில் நெடுங்கால் உள்ளான் குறைவு, பிறகு கூடுகிறது, ஆகவே வலசை வருகிறது. அல்லது, சென்ற வருடத்தைவிட இந்த வருடம் குறைவு, ஆகவே வாவியில் பறவைகள் அழிந்து வருகின்றன. இரண்டையும் எழுதிவிடாதீர்கள்.

நெடுங்கால் உள்ளான் நம் வறண்ட வலயத்தில் இங்கேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வாழும் பறவை. அதன் எண்ணிக்கை ஏறி இறங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தண்ணீரை. அதற்குக் கால் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒரு அளவுக்கு மேல் ஆழமான நீரில் நின்று இரை தேட முடியாது. வடகீழ்ப் பருவமழையில் படுவான்கரைப் பக்கத்து வயலும் குளமும் நிரம்பி, வாவி ஏறி, கரைத் திட்டுகள் மூழ்கிப்போனால் உள்ளானுக்கு உங்கள் பாலத்தடியில் நிற்க இடமில்லை. வெள்ளம் வயலுக்குள் பரந்திருக்கும்போது அவை வயலில் நிற்கும். பாலமீன்மடுவிலோ கல்லாற்றுப் பக்கமோ முகத்துவாரம் வெட்டிவிட்டு நீர் வடிந்தால், சேறு வெளியே தெரியும், பறவை திரும்பிவரும். ஆகவே உங்கள் எண்ணிக்கை வாவியில் எத்தனை பறவை இருந்தது என்பதைக் காட்டாது. பாலத்தில் நின்று பார்க்கும் தூரத்துக்குள் எத்தனை பறவை நின்றது என்பதைத்தான் காட்டும். இரண்டும் வேறு.

கடிதத்தின் பெறுமதியான இடம் இதுதான். பறவை எண்ணிய பலரும் விண்ணப்பிப்பார்கள். தங்கள் எண்ணிக்கை எதைக் காட்டாது என்று தெரிந்தவர் சிலர்தான். நீங்கள் இத்தனை வருடம் ஒரே பாலத்தில் நின்று, நீர்மட்டம் ஏறும்போது பறவை மறைவதைக் கண்ணால் கண்டவர். நீர்மட்டத்தை நான் அளக்கவில்லை, அளந்திருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும் என்று எழுதினால், மூன்றாவது சந்தேகத்துக்கும் பதில் வந்துவிடுகிறது. உதவித்தொகைக்காக வந்தவருக்கு அப்படி ஒரு கேள்வி கையில் இருக்காது.

சரி, பந்தியை எழுதிப் பார்ப்போம். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதப் போவதைத் தமிழில் சொல்கிறேன். பெரும்பாலானோர் எழுதுவது இந்த மாதிரி இருக்கும்:

"சிறுவயதிலிருந்தே இயற்கையின் மீதும் பறவைகளின் மீதும் எனக்கு அளவற்ற ஆர்வம் உண்டு. ஓய்வு நேரத்தில் பறவை பார்ப்பதில் ஈடுபட்டு இதுவரை 112 இனங்களை அவதானித்துள்ளேன். என் முகநூல் பக்கத்தை 4,000 பேர் பின்தொடர்கின்றனர். பைதன் மொழியிலும் சான்றிதழ் பெற்றுள்ளேன். இவை என் அர்ப்பணிப்பையும் பல்துறைத் திறமையையும் காட்டுகின்றன."

இந்தப் பந்தியை முழுதாக வெட்டிவிட்டுக் கடிதத்தை வாசித்தாலும் குழுவின் முடிவு மாறாது. நிரப்பு என்று நான் சொல்வது இதைத்தான். இத்தனைக்கும் இதில் பொய் ஒன்றும் இல்லை. உங்களிடம் இருக்கும் அதே பொருளை வைத்து இப்படி எழுதலாம்:

"இறுதியாண்டு ஆய்வு ஆய்வுகூடத்தில் நடந்தது. களவேலையை நானாகவே பழகிக்கொண்டேன். மட்டக்களப்பு வாவியின் பட்டிருப்புப் பாலத்திலிருந்து சனிக்கிழமை காலைகளில் நீர்ப்பறவைகளை எண்ணி வந்தேன். ஒரே இடம், குறைந்தது 30 நிமிடம், எல்லா இனமும் பதியப்பட்டவை என்ற நிபந்தனைக்கு அவற்றில் 41 பட்டியல்கள் பொருந்துகின்றன. இவற்றைப் பைதனில் ஒழுங்குபடுத்தி, பறவை காணப்படாத காலைகளைப் பூச்சியமாகச் சேர்த்தபோது, நெடுங்கால் உள்ளானின் மாத இடையம் மழை மாதங்களில் விழுவது தெரிந்தது. இதை எண்ணிக்கைக் குறைவு என்று நான் கொள்ளவில்லை. நீர்மட்டம் உயரும்போது பாலத்தடித் திட்டுகள் மூழ்குவதே காரணமாக இருக்கலாம். நீர்மட்டத்தை அளக்காதது இந்தத் தரவின் குறை. உங்கள் ஆய்வுக்குழுவில் நான் கற்க விரும்புவது இந்த இரண்டையும் ஒன்றாக அளந்து பிரித்தறிவதை."

உங்கள் வரைபில் வேறு ஏதாவது வந்தால் அதைத்தான் எழுத வேண்டும், நான் சொன்னதை அல்ல. மழை மாதத்தில் விழவில்லை என்றால் விழவில்லை. வேறு ஒரு பறவை, வேறு ஒரு கேள்வி அதில் இருக்கும். 41 என்பதும் நான் பேச்சுக்குப் போட்ட எண், உங்கள் எண்ணைப் போடுங்கள். இந்தப் பந்தி கடிதத்தின் முதல் பந்தியாக வரக்கூடாது என்பதையும் மறக்காதீர்கள். முதலில் எந்த ஆய்வுக்கு, ஏன் அந்தக் குழுவுக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பது. அடுத்து இறால் ஆய்வு, நீங்கள் பயிற்சி பெற்றது அதில்தான், அதை ஒளிக்க வேண்டாம். அதற்குப் பிறகு இது. 500 சொல்லில் நூறு, நூற்றிருபது சொல்லை இதற்குக் கொடுக்கலாம், அதற்கு மேல் கொடுத்தால் மற்றவை மெலிந்துவிடும்.

கடிதத்தில் எழுதியதை நேர்முகத்தில் கேட்பார்கள். பொழுதுபோக்கு என்று எழுதியதைக் கேட்பது குறைவு. வேலை என்று எழுதியதைக் கட்டாயம் கேட்பார்கள். முதல் கேள்வி லேசாக இருக்கும்: எத்தனை மணிக்குப் போவீர்கள்? இரண்டாவதில் இறுகும்: முந்நூறு பறவை ஒரே கூட்டமாக எழும்பினால் எப்படி எண்ணுவீர்கள்? பத்தை எண்ணி, அந்தப் பத்து கண்ணுக்கு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்கி, அந்த அளவால் கூட்டத்தை அளப்பேன் என்று நீங்கள் செய்வதைச் சொல்ல வேண்டும். மூன்றாவது பெரும்பாலும் அடையாளம் பற்றியது. மணல் நிறத்துச் சிறிய உப்புக்கொத்திகளில் நெருங்கிய இனங்கள் உண்டு, குளிர்கால இறகில் நின்றால் சொண்டின் நீளத்தையும் காலையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். பாலத்திலிருந்து தூரத்தில் பார்க்கும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டால், உறுதியில்லாதபோது இனத்தைப் பதியாமல் அந்தப் பொதுவகை என்று மட்டும் பதிவேன் என்பது நல்ல பதில். எல்லாவற்றையும் இனம் வரை அடையாளம் கண்டேன் என்றால் நம்பமாட்டோம். eBird இலும் அப்படிப் பதிய இடம் இருக்கிறது, உங்கள் பட்டியல்களில் அப்படி இரண்டு மூன்று இருந்தால் அழிக்க வேண்டாம், அவை உங்களுக்குச் சாட்சி.

இன்னொரு சாட்சியும் இருக்கலாம். வழக்கத்துக்கு மாறான பறவையையோ பெரிய எண்ணையோ பதிந்தால் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான தன்னார்வப் பரிசீலகர் மின்னஞ்சலில் விளக்கம் கேட்பார். உங்களுக்கு அப்படி வந்து, படத்தைப் பார்த்து நீங்கள் பதிவைத் திருத்தியிருந்தால், நேர்முகத்தில் அதைச் சொல்லுங்கள். தவறைத் திருத்தியவர் என்பது 112 இனத்தைவிடப் பெரிய தகுதி.

முகநூல் பக்கத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பின்தொடர்பவர் எண்ணிக்கை இந்த விண்ணப்பத்துக்கு ஒன்றும் சேர்க்காது. ஆனால் உங்கள் பெயரைத் தேடி அந்தப் பக்கத்தை யாராவது பார்க்கத்தான் போகிறார்கள். கூட்டுக்குக் கிட்டப்போய் எடுத்த படங்கள், குஞ்சுகள் வாய் திறந்தபடி இருக்கும் படங்கள், கூடு இருக்கும் இடத்தின் பெயரோடு போட்டவை இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். தரையில் முட்டையிடும் உள்ளானையும் ஆட்காட்டியையும் கூட்டை விட்டு எழுப்பினால், அந்த வெயிலில் முட்டைக்கு நிழல் இல்லாமல் போகும், காகத்துக்கு வழி தெரிந்துவிடும். பறவை ஆய்வுக்கு ஆள் எடுப்பவர் அந்தப் படத்தைப் பார்த்தால் அழகைப் பார்க்கமாட்டார். விண்ணப்பத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, பறவைக்காகவும்தான் சொல்கிறேன். அடையாளத்துக்கு உதவிய நல்ல படங்களை அந்தந்தப் பட்டியலோடு eBird இல் இணைத்துவிடுங்கள். அங்கே அவை ஆதாரமாகின்றன.

வலைப்பந்து சுயவிபரக்கோவையில் ஒரு வரி, இடமில்லை என்றால் அதுவும் வேண்டாம். அறநெறிப் பாடசாலையில் படிப்பிப்பது கோவையில் ஒரு வரியாக இருக்கட்டும். விண்ணப்ப அறிவித்தலில் சமூகத்தோடு வேலை செய்வது, மீனவக் கிராமங்களில் பேசுவது என்று ஏதாவது கேட்டிருந்தால் மட்டும் அதைக் கடிதத்துக்குள் கொண்டுவாருங்கள். நாளைக்கு நீங்கள் ஒரு பாடசாலை வேலைக்கு விண்ணப்பித்தால் இந்த வரிசை அப்படியே தலைகீழாகும். அங்கே அறநெறிப் பாடசாலைதான் மேலே வரும், பாலத்தடி உள்ளான் கடைசி வரியாகும்.

ஆறு கிழமைக்குள் செய்யக்கூடாததையும் சொல்ல வேண்டும். கடிதத்துக்கு அழகாக இருக்கும் என்று புதிதாக ஒன்றைத் தொடங்காதீர்கள். தொடங்கிய திகதி எல்லாவற்றிலும் தெரியும், முடிவுத் திகதிக்கு ஒரு மாதம் முன் தொடங்கிய ஆர்வம் பழைய ஆர்வத்தையும் சேர்த்துச் சந்தேகப்பட வைக்கும். பழைய கொப்பியில் எழுதிவைத்துப் பதிவேற்றாமல் விட்ட காலைகள் இருந்தால் இப்போது பதிவேற்றலாம், அதற்கு eBird இடம் தருகிறது. ஆனால் கொப்பியில் உள்ளதை உள்ளபடி. எண் எழுதாமல் பெயர் மட்டும் எழுதிய இடத்தில் நினைவிலிருந்து எண் போடாமல் `X` போடுங்கள். அன்றைக்கு எல்லாவற்றையும் எழுதினேனா என்று தெரியாவிட்டால் முழுப்பட்டியல் என்று அடையாளமிட வேண்டாம். 41 ஐ 60 ஆக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு கொப்பியைத் திறந்தால் கை தானாகத் தவறு செய்யும்.

மிச்சமிருக்கும் சனிக்கிழமைகளில் வழக்கம்போலப் போங்கள். ஒரே ஒரு புதிய வேலையைச் சேர்க்கலாம், அது பழைய வேலையின் தொடர்ச்சியாக இருப்பதால். பாலத்தூணில் கண்ணுக்குத் தெரியும் ஒரு நிலையான அடையாளத்தைத் தெரிவுசெய்து, அதற்கு எவ்வளவு கீழே நீர் நிற்கிறது என்று ஒவ்வொரு தடவையும் ஒரே கோணத்தில் படம் எடுத்து, பட்டியலின் குறிப்பில் எழுதுங்கள். ஆறு கிழமையில் அது முடிவு எதையும் தராது, கடிதத்திலும் முடிவாக எழுத வேண்டாம். "இப்போது நீர்மட்டத்தையும் பதியத் தொடங்கியிருக்கிறேன்" என்ற அரை வசனம் போதும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. இலங்கையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்ட கள பறவையியல் குழு அதில் ஈடுபட்டு வருகிறது. இந்த முறை தெரிவாகாவிட்டாலும் அடுத்த ஜனவரியில் அவர்களோடு தொடர்பு கொண்டு கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். தனியாக எண்ணிப் பழகியவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் நின்று அதே கூட்டத்தை எண்ணும்போதுதான் தன் எண் எவ்வளவு கூடிக் குறைகிறது என்று தெரியும்.

கடைசியாக, உங்கள் மேற்பார்வையாளர். அவர்தான் உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறார் என்று நினைக்கிறேன். பறவை எண்ணிக்கையை அவர் பொழுதுபோக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தால் அவர் கடிதத்தில் அது வராது. அல்லது ஓய்வு நேரத்தில் பறவை பார்ப்பார் என்று ஒரு வரி வந்து நீங்கள் எழுதியதையும் மெலிவாக்கும். கோப்பைச் சுத்தம் செய்து வரைபு வந்தவுடன், கடிதம் எழுதத் தொடங்குமுன், அதை ஒரு பக்கத்தில் அச்சடித்துக்கொண்டு வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய் அவரைப் பாருங்கள். எத்தனை பட்டியலை ஏன் நீக்கினீர்கள் என்பதைச் சொல்லி, இதில் என்ன பிழை இருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்கிற பிழையைத் திருத்திய பிறகு, இதைப் பற்றி இரண்டு வரி எழுத முடியுமா சேர் என்று கேட்கலாம்.